டப்பாவை மூடியோடு கொண்டு வாருங்கள்: எங்கள் கடையில் முதல்முறை வாங்குகிறவர்களுக்கு

சேலத்தில் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு போகிற வழியில் எங்கள் மளிகைக் கடை இருக்கிறது. பாக்கெட் எதுவும் கிடையாது. அரிசி, பருப்பு, மாவு, எண்ணெய், காப்பித்தூள், பாத்திரம் கழுவும் திரவம் எல்லாம் பெரிய டின்னிலும் குழாய் வைத்த கேனிலும் இருக்கும். நீங்கள் உங்கள் டப்பாவைக் கொண்டு வந்து வேண்டியதைப் பிடித்துக்கொண்டு, பிடித்த எடைக்குக் காசு கொடுக்கலாம். கேட்பதற்கு எளிதுதான். ஆனால் முதல்முறை வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே தயங்கி நிற்கிறார்கள். “டப்பாவுக்கும் சேர்த்து எடை போட்டுவிடுவார்களோ?” என்ற சந்தேகம்தான் காரணம். அது நியாயமான சந்தேகம், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காலி எடை

தட்டுத் தராசு இருந்த காலத்தில் எண்ணெய்க்குத் தூக்கு கொண்டு போனால், கடைக்காரர் தூக்கை ஒரு தட்டிலும் அதற்குச் சமமான கல்லை மறு தட்டிலும் வைப்பார். இதைத் தடை கட்டுவது என்பார்கள். தடை கட்டிய பிறகுதான் படிக்கல் ஏறும். இன்றைக்கு எலக்ட்ரானிக் தராசில் நடப்பதும் அதேதான், கல்லுக்குப் பதிலாக ஒரு பொத்தான் வந்துவிட்டது, அவ்வளவே.

எங்கள் கடையில் வாசலுக்கு உள்ளே வலது பக்கம் ஒரு தராசு இருக்கும். பொருள் பிடிப்பதற்கு முன்னால் காலி டப்பாவை அதில் வையுங்கள். திரையில் வருகிற எண்தான் காலி எடை. பக்கத்தில் இருக்கும் மார்க்கர் பேனாவால் அதை டப்பாவின் அடியில் எழுதிவிடுங்கள். துணிப்பை என்றால் ஒரு சின்னச் சீட்டில் எழுதிக் காதில் கட்டிவிடலாம். பொருள் பிடித்து பில் போடும் இடத்துக்கு வந்ததும் மொத்த எடையைப் பார்த்து, அதிலிருந்து காலி எடையைக் கழிப்போம். மீதிக்குத்தான் காசு.

டப்பாவைத் தராசில் வைக்கும்போது மூடியும் சேர்ந்து இருக்க வேண்டும். தலைப்பில் மூடியைப் போட்டதற்கு ஒரு காரணம் உண்டு. கடை திறந்த புதிதில் நாகலூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். கண்ணாடி பாட்டிலை எடை போட்டுக் கொடுத்தது நான்தான். மூடி அவர் கையில் இருந்தது, நான் கவனிக்கவில்லை. காப்பித்தூள் நிரப்பி, தூள் சிந்தக்கூடாதென்று மூடியைப் போட்டு, அப்படியே பில் போட்டுவிட்டேன். அவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன் கண்ணு, மூடிக்கும் காசா?”

மூடி 62 கிராம். அன்றைக்குத் தூள் கிலோ 700 ரூபாய். ஆக 43 ரூபாய் 40 காசு அவரிடம் கூடுதலாக வாங்கியிருக்கிறேன். அதே மூடி கோதுமை மாவு டப்பாவில் இருந்திருந்தால், கிலோ 56 ரூபாய் கணக்கில் மூன்றரை ரூபாய்கூட வந்திருக்காது, யாருக்கும் தெரிந்திருக்காது. காலி எடையில் வருகிற பிழை எவ்வளவு கிராம் என்பதைவிட, எந்தப் பொருளில் வருகிறது என்பதுதான் முக்கியம். அரிசி வாங்கும்போது கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் போகட்டும். காப்பித்தூள், மிளகு, ஏலக்காய், முந்திரி வாங்கும்போது மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

சரியாகக் கழித்தோமா என்று பார்க்க ஒரு சின்ன வழி சொல்கிறேன், எந்தக் கடையிலும் பயன்படும். சில கடைகளில் எழுதிவைக்க மாட்டார்கள். காலி டப்பாவைத் தராசில் வைத்து TARE என்ற பொத்தானை அழுத்துவார்கள், திரை பூஜ்யத்துக்குப் போகும், அப்புறம் பொருளைப் போடுவார்கள். அப்படிப் போட்டு முடித்து டப்பாவைத் தூக்கியதும் திரையைப் பாருங்கள். டப்பாவின் எடை கழித்தல் குறியோடு நிற்க வேண்டும். 436 கிராம் பாட்டில் என்றால் -436 என்று காட்டும். வெறும் 0 காட்டினால் டப்பாவைக் கழிக்கவே இல்லை என்று அர்த்தம். தாராளமாகக் கேளுங்கள், கேட்பதில் ஒரு தப்பும் இல்லை.

எந்தத் தராசில் எதை நிறுப்பது

கடையில் இரண்டு தராசு வைத்திருக்கிறோம். ஒன்று 10 கிலோ வரை நிறுக்கும், ஒவ்வொரு கிராமாகக் காட்டும். இன்னொன்று 30 கிலோ வரை நிறுக்கும், ஐந்து ஐந்து கிராமாகத்தான் ஏறும். தராசின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற தகட்டில் Max, Min, e என்று மூன்று எண்கள் இருக்கும். e என்பது அந்தத் தராசின் ஒரு படி. கடைகளில் இருக்கிற இந்த வகைத் தராசுகளுக்கு Min என்பது அந்தப் படியைப் போல இருபது மடங்கு. அதாவது 5 கிராம் படியுள்ள தராசில் 100 கிராமுக்குக் குறைவாக நிறுக்கக் கூடாது.

50 கிராம் மிளகைப் பெரிய தராசில் போட்டால் இரண்டரை கிராம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகலாம். ஐம்பதில் இரண்டரை என்பது நூற்றுக்கு ஐந்து. அதனால் மசாலாச் சாமான்களை எப்போதும் சின்னத் தராசில் போடச் சொல்லுங்கள். காலி எடையும் அப்படித்தான். 42 கிராம் துணிப்பையைப் பெரிய தராசு 40 என்று காட்டும், அல்லது 45 என்று காட்டும்.

எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறைதான் இதைப் பார்க்கிறது. அந்தச் சான்றிதழைப் பில் போடும் இடத்துக்கு மேலே மாட்டியிருக்கிறோம், தேதியைப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, தராசுக்கு நேர்மேலே மின்விசிறி ஓடினால் காற்று தட்டை அழுத்தும், எண் நிலையாக நிற்காது. சித்திரை மாதத்தில் எங்களால் விசிறியை நிறுத்தவும் முடியாது, அதனால் சின்னத் தராசை ஒரு மூலைக்குத் தள்ளி வைத்துவிட்டோம்.

வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்

டப்பா புதிதாக வாங்க வேண்டாம். ஊறுகாய் பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில், எவர்சில்வர் சம்படம், பிஸ்கட் டின் எல்லாம் போதும். அளவைத்தான் யோசிக்க வேண்டும், அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஒரு லிட்டர் டப்பாவில் ஒரு கிலோ பிடிக்கும் என்று நினைத்து வருகிறார்கள். பிடிக்காது. அரிசி, பருப்பு என்றால் ஏறக்குறைய 800 கிராம் பிடிக்கும். மிளகு 500 கிராமிலிருந்து 550 வரை. மாவு, அழுத்தி அடைக்காவிட்டால், அரைக் கிலோவுக்குச் சற்று மேலே. காப்பித்தூள் அதைவிடக் குறைவு. ஒரு கிலோ மாவுக்கு இரண்டு லிட்டர் டப்பா கொண்டு வந்தால்தான் நிம்மதி. மிளகு வியாபாரிகள் இதையே தரம் பார்க்கவும் பயன்படுத்துகிறார்கள்: ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்ப்பார்கள், பொக்கு மிளகு கலந்திருந்தால் எடை நிற்காது.

அடுத்தது ஈரம். கழுவிய டப்பாவைத் துணியால் துடைத்தால் போதாது. ஒருநாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள், மூடியைத் தனியாக. மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்துக்கு அடியில்தான் தண்ணீர் ஒளிந்திருக்கும். சேலத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, காலையில் வைத்தால் மாலைக்குள் காய்ந்துவிடும். ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள்பாடுதான் சிரமம். மூடுபனி நாட்களில் அங்கே துணியே காயாது. அடுப்படியில் சூடு ஆறுகிற அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் இரவு வைத்துவிட்டு வாருங்கள். ஈர டப்பா காலி எடையைக் கெடுக்காது, தண்ணீரும் சேர்ந்தே கழிந்துவிடும். ஆனால் மாவு கட்டி தட்டும், பருப்பு நாலைந்து நாளில் பூஞ்சை வாடை அடிக்கும், அப்புறம் சரக்கு சரியில்லை என்று எங்களிடம்தான் வருவீர்கள். அதனால் டப்பாவுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிடிக்க விடுகிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அடியில் பழைய சரக்கு கொஞ்சம் இருந்தால்? எடைக் கணக்குக்கு அதனால் பாதகமில்லை, அதையும் சேர்த்துக் காலி எடை போட்டுவிடலாம். ஆனால் பழைய அரிசியில் ஒரே ஒரு வண்டு இருந்தாலும் புது அரிசி முழுக்கப் பரவிவிடும். எண்ணெயில் இது இன்னும் மோசம். அடியில் நிற்கிற பழைய எண்ணெய் காறிப் போயிருந்தால், அது புது எண்ணெயையும் சீக்கிரம் காற வைக்கும். பாட்டிலை முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை வந்தால் சுடுநீரும் சீயக்காயும் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்துக் கொண்டு வாருங்கள்.

சோப்புத் திரவம் இருந்த பிளாஸ்டிக் டப்பாவைச் சாப்பாட்டுப் பொருளுக்குக் கொண்டு வராதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அந்த மணம் பிளாஸ்டிக்கை விட்டுப் போகாது. பூச்சிமருந்து, பெயிண்ட் இருந்த எதையும் எதற்கும் கொண்டு வரக் கூடாது, இதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீர் பாட்டிலில் வாங்கினால் மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கும்.

துணிப்பை அரிசி, பருப்புக்கு நல்லது. மாவுக்கு வேண்டாம். சாதாரண மஞ்சப்பையின் நெசவு வழியாக மாவு கசியும், வீடு போய்ச் சேர்வதற்குள் வண்டி சீட்டு வெள்ளையாகிவிடும்.

எண்ணெய்: கிலோவா, லிட்டரா

பலகையில் எங்கள் நல்லெண்ணெய் விலையைப் பார்த்ததும் “வெளியில் 350, இங்கே 380-ஆ?” என்று கேட்கிறவர்கள் அதிகம். வெளியில் 350 என்பது ஒரு லிட்டருக்கு. இங்கே 380 என்பது ஒரு கிலோவுக்கு. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் எண்ணெய் 910 முதல் 920 கிராம்தான் இருக்கும். வீட்டில் எண்ணெய் பாக்கெட் இருந்தால் எடுத்துப் பாருங்கள், லிட்டருக்குப் பக்கத்திலேயே கிராமும் அச்சடித்திருக்கும். 920 கிராம் என்று வைத்து எங்கள் விலையைப் போட்டால் ஒரு லிட்டருக்கு 349 ரூபாய் 60 காசு வருகிறது. இரண்டும் ஒன்றுதான்.

தேனுக்கு இது தலைகீழ். ஒரு லிட்டர் பாட்டிலில் ஒரு கிலோ 400 கிராம் தேன் பிடிக்கும். கிலோ 400 ரூபாய் என்று பார்த்துவிட்டு லிட்டர் பாட்டிலை நிறைத்தால் 560 ரூபாய் பில் வரும். தேனுக்குச் சின்ன பாட்டிலாகக் கொண்டு வருவது பர்ஸுக்கு நல்லது.

அப்படியானால் எண்ணெயை ஏன் லிட்டரில் விற்கக் கூடாது? அளவு வெயிலுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும். எடை மாறாது. இதை எனக்குப் புரியவைத்தது ஏற்காட்டு வாடிக்கையாளர்கள்தான். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழியில் இங்கே காலை நேரத்திலேயே கேனில் பாதி உறைந்து நிற்கும், மலைமேல் கேட்கவே வேண்டாம். உறைந்ததை லிட்டரில் எப்படி அளப்பது? எடை போட்டால் கரைந்திருந்தாலும் உறைந்திருந்தாலும் ஒரே கணக்கு. மலைமேல் இருப்பவர்கள் தேங்காய் எண்ணெய்க்குக் குறுகிய வாய் பாட்டில் கொண்டு வர வேண்டாம். வீட்டுக்குப் போய் உறைந்ததும் வெளியே எடுக்க முடியாது. கரண்டி நுழைகிற அகல வாய் பாட்டில்தான் சரி.

எந்த எண்ணெய் பாட்டிலையும் கழுத்து வரை நிறைக்காதீர்கள், இரண்டு விரல்கடை இடம் விடுங்கள். காலையில் குளிர்ந்த எண்ணெயைப் பிடித்து மதிய வெயிலில் வண்டியில் வைத்தால், 18 டிகிரி சூடு ஏறினாலே ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 13 மில்லி விரிந்துவிடும். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் அது வெளியேதான் வரும். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஸ்கூட்டரில் போகிறவர்கள் பாட்டிலைக் கொக்கியில் தொங்கவிடாமல் டிக்கியில் துணி சுற்றி நிமிர்த்தி வையுங்கள்.

ஒரு பில்லை முழுசாகப் பார்ப்போம்

போன சனிக்கிழமை முதல்முறையாக வந்த ஒரு தம்பியின் பில் இது. நான்கு பொருள் வாங்கினார், நான்கும் நான்கு விதமான பாத்திரத்தில்.

எவர்சில்வர் சம்படம், மூடியோடு 268 கிராம். துவரம்பருப்பு நிறைத்ததும் 1,022. கழித்தால் பருப்பு 754 கிராம். கிலோ 140 ரூபாய், ஆக 105.56.

காப்பித்தூளுக்குக் கண்ணாடி பாட்டில், மூடியோடு 436 கிராம். அவருக்குக் கால் கிலோ தேவை. இந்த மாதிரி நேரத்தில் தலைகீழாகக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்: 436-உம் 250-உம் சேர்ந்து 686 வரும்வரை தூள் போட வேண்டும். கிலோ 700 ரூபாய், கால் கிலோ 175.

நல்லெண்ணெய்க்கு ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில், 520 கிராம். இரண்டு விரல்கடை விட்டுப் பிடித்ததும் 1,392. எண்ணெய் 872 கிராம், அதாவது 950 மில்லிக்குப் பக்கம். கிலோ 380 கணக்கில் 331.36.

பச்சரிசிக்குத் துணிப்பை, 42 கிராம். மொத்தம் 2,042. சரியாக இரண்டு கிலோ. கிலோ 58, ஆக 116.

கூட்டினால் 727.92, 728 என்று முடித்தோம். டப்பா, பாட்டில், பை எல்லாம் சேர்ந்து 1,266 கிராம் இருந்தது, கழிக்காமல் விட்டிருந்தால் எங்களுக்கு யோகம்தான். அதில் 436 கிராம் காப்பித்தூள் விலையிலேயே ஏறியிருக்கும், 305 ரூபாய்.

எடையாகச் சொல்ல வராவிட்டால் பணமாகவே சொல்லலாம். “ஐம்பது ரூபாய்க்குப் பருப்பு” என்றால் 140-ஆல் வகுத்து 357 கிராம் போட்டுத் தருவோம். பெரியவர்கள் இன்னமும் “ஒரு ஆழாக்கு போடு தம்பி” என்கிறார்கள். அதற்கும் ஓர் ஆழாக்கு வைத்திருக்கிறோம், ஆனால் அள்ளி முடித்ததும் தராசில் வைத்துத்தான் காசு சொல்வோம்.

ஜி.எஸ்.டி. பற்றியும் கேட்கிறார்கள். 2022 ஜூலை 18 முதல் பெயரும் விவரமும் அச்சடித்து பாக்கெட் போட்ட அரிசி, பருப்பு, மாவுக்கு 25 கிலோ மூட்டை வரை ஐந்து சதவீதம் வரி வந்தது. சில்லறையாக நிறுத்து விற்பதற்கு அது இல்லை. எண்ணெய்க்கும் சோப்புக்கும் வரி உண்டு, பலகை விலையிலேயே சேர்த்துத்தான் எழுதியிருக்கிறோம்.

அடுத்த முறை வரும்போது

காலி எடையை ஒருமுறை எழுதிவிட்டால் மறுபடி நிறுக்க வேண்டியதில்லை, அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஆனால் மார்க்கர் எழுத்து எண்ணெய் பாட்டிலில் நிற்காது, இரண்டு தடவை துடைத்தால் போய்விடும். அதற்கு மேல் நகப்பாலிஷால் எழுதுகிறார்கள், அது நிற்கிறது. எவர்சில்வர் என்றால் இன்னும் நல்ல வழி உண்டு. பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவார்கள் இல்லையா, அங்கேயே பெயருக்குக் கீழே எடையையும் வெட்டச் சொல்லுங்கள். எங்கள் வாடிக்கையாளர் அக்கா ஒருவர் சீராக வந்த சம்படங்கள் எல்லாவற்றிலும் இப்படி வெட்டிவிட்டார். மாமியார் பெயர், கீழே 310 கி. என்று இருக்கும்.

எழுதிய எடை மாறுகிற நேரங்களும் உண்டு. மூடி உடைந்து வேறு மூடி போட்டால், ரப்பர் வளையம் மாற்றினால், இரண்டு டப்பாக்களின் மூடிகள் இடம் மாறினால் பழைய எண் செல்லாது. கண்ணாடி பாட்டிலின் தகர மூடிக்குப் பதில் பிளாஸ்டிக் மூடி போட்டால் சில கிராம் குறையும், எழுதிய எண் மட்டும் பழையபடி கூடுதலாகவே இருக்கும். அப்போது நட்டம் எங்களுக்கு. மூடி மாறியிருந்தால் அடியில் இருப்பதை அழித்துவிட்டு வாசல் தராசில் இன்னொரு முறை வைத்து எழுதிக்கொள்ளுங்கள்.